ஜெனரேட்டர் ஓடுகிறது, மோட்டார் போட்டால் மட்டும் பிரேக்கர் விழுகிறது: ஏன்?



2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலுக்குப் பின், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் உள்ளிட்ட நம் டெல்டா கடலோர ஊர்களில் கரண்ட் இல்லாமல் பல நாட்கள் கழிந்தன. அந்த நாட்களில் ஜெனரேட்டர் பெரும்பாலும் ஓடியது விளக்குக்காக அல்ல, தண்ணீருக்காக. மொட்டைமாடி டேங்க் காலி, பள்ளிவாசல் ஹவுளு காலி, போர் மோட்டாருக்குக் கரண்ட் கிடையாது. குழந்தையைக் குளிப்பாட்ட, ஒளு செய்ய, ஒரு மய்யித்தைக் குளிப்பாட்ட என்று எல்லாவற்றுக்கும் தண்ணீர் வேண்டும். அதற்குப் பிறகுதான் பல வீடுகளிலும் பல அறக்கட்டளைகளிலும் கையில் தூக்கிச் செல்லும் பெட்ரோல் ஜெனரேட்டர்களை வாங்கி வைக்கும் பழக்கம் வந்தது.

நமது அறக்கட்டளையில் இருக்கும் ஜெனரேட்டரை இரவல் வாங்கிச் செல்பவர்கள் திருப்பிக் கொண்டுவரும்போது அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு. "செக்ரட்டரி காக்கா, இது கெட்டுப்போச்சு. ஃபேன் ஓடுது, லைட் எரியுது, மோட்டார் சுவிட்சைப் போட்டா மட்டும் ஜெனரேட்டர்ல இருக்குற பிரேக்கர் டப்புன்னு விழுந்துடுது." சிலர் மெக்கானிக்கிடம் காட்டி கார்புரேட்டரைச் சுத்தம் செய்துகூடக் கொண்டுவந்திருக்கிறார்கள். பெரும்பாலான சமயங்களில் ஜெனரேட்டரிலும் கோளாறு இல்லை, பிரேக்கரிலும் கோளாறு இல்லை. மோட்டார் புறப்படும் அந்த ஒரு நொடிக்கு எவ்வளவு கரண்ட் கேட்கிறது என்பதை யாரும் கணக்கில் எடுக்காததுதான் காரணம். அடுத்த மழைக்காலத்துக்குள் எல்லோரும் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது என்பதால் ஒரு வீட்டில் நடந்ததை வைத்தே விளக்குகிறேன்.

அந்த வீட்டில் இருப்பது 1 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் போர் மோட்டார், அதாவது நீர்மூழ்கி மோட்டார். எடுத்துச் சென்ற ஜெனரேட்டரின் தகட்டில் 2.5 கே.வி.ஏ. என்றும், பக்கத்திலேயே பெரிய எழுத்தில் மேக்ஸிமம் 2.8 கே.வி.ஏ. என்றும் இருக்கிறது. அதன் பிரேக்கர் 10 ஆம்பியர். வீட்டுக்காரர் போட்ட கணக்கு இதுதான்: "ஒரு ஹெச்.பி. என்றால் 746 வாட். ஜெனரேட்டர் 2500. மூன்று மடங்கு இருக்கிறதே, ஏன் எடுக்காது?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 746 வாட் என்பது மோட்டார் தண்டின் முனையில் வெளியே தரும் சக்தி. அதைத் தருவதற்கு மோட்டார் உள்ளே வாங்குவது அதைவிட அதிகம். இந்த மோட்டாரின் தகட்டில் 7 ஆம்பியர் என்று இருந்தது. 230 வோல்ட்டில் 7 ஆம்பியர் என்றால் 1610 வோல்ட் ஆம்பியர், அதாவது சுமார் 1.6 கே.வி.ஏ. ஜெனரேட்டரின் 2.5 கே.வி.ஏ.யை 230ஆல் வகுத்தால் சுமார் 10.9 ஆம்பியர் வரும். ஆக, இந்த மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது கேட்கும் 7 ஆம்பியரை இந்த ஜெனரேட்டர் தாராளமாகத் தரும். வீட்டுக்காரரின் முடிவு இதுவரைக்கும் சரிதான்.

ஜெனரேட்டர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு எளிய வழி சொல்கிறேன். 1500 வாட் எலக்ட்ரிக் கெட்டிலில் தண்ணீர் ஊற்றி அதில் செருகுங்கள். அது 6.5 ஆம்பியர் இழுக்கும், அதாவது அந்த மோட்டார் ஓடும்போது இழுப்பதற்குக் கிட்டத்தட்டச் சமம். அன்று கெட்டிலைப் போட்டோம். என்ஜின் சத்தம் சற்றுக் கனத்தது, பிறகு சீராகிவிட்டது. தண்ணீர் கொதித்தது, பிரேக்கர் அசையவில்லை. அதே பிளக்கில் மோட்டாரைப் போட்டதும் பிரேக்கர் விழுந்தது. இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர் சாதனங்கள்தான். கெட்டில் போட்ட நொடியிலிருந்து அணைக்கும் நொடிவரை அதே 6.5 ஆம்பியரைத்தான் கேட்கும். மோட்டார் அப்படி அல்ல.

சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் தனக்குள்ளேயே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது. நாம் கொடுக்கும் 230 வோல்ட்டுக்கு எதிராக அது உள்ளிருந்து தள்ளிக்கொண்டே இருப்பதால், காயிலுக்குள் போகும் கரண்ட் 7 ஆம்பியர் அளவில் அடங்கி நிற்கிறது. நின்றுகொண்டிருக்கும் மோட்டாருக்கு இந்த எதிர்ப்பு கிடையாது. சுவிட்சைப் போட்ட கணத்தில் 230 வோல்ட்டும் நேராகக் காயிலின் மேல் வந்து விழுகிறது. அதனால் இந்த வகை மோட்டார்கள் புறப்படும்போது, ஓடும்போது இழுப்பதைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு வரை கரண்டை இழுக்கும். ஐந்து மடங்கு என்று வைத்துக்கொண்டால் நம் மோட்டாருக்கு 35 ஆம்பியர். 230ஆல் பெருக்கினால் எட்டு கே.வி.ஏ. 2.5 கே.வி.ஏ. ஜெனரேட்டரிடம் ஒரு நொடிக்கு எட்டு கே.வி.ஏ. கேட்கிறோம்.

வீட்டு மின்வாரிய இணைப்பில் இது நமக்குத் தெரிவதே இல்லை. தெருவில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர் பல வீடுகளுக்குச் சேர்த்துக் கொடுப்பது, அதற்கு 35 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. மோட்டார் ஒரு நொடிக்குள் வேகம் எடுத்துவிடும், கரண்ட் 7க்கு இறங்கிவிடும். விளக்கு ஒரு முறை மங்கி எரிவதைக் கவனித்திருப்பீர்கள், அதுதான் அந்த நொடி. வீட்டு எம்.சி.பி.யும் அந்த ஒரு நொடியைப் பொறுத்துக்கொள்ளும் வகையில்தான் செய்யப்பட்டிருக்கிறது.

அப்படியானால் ஜெனரேட்டரிலும் அதே ஒரு நொடிதானே, பிரேக்கர் ஏன் பொறுத்துக்கொள்வதில்லை என்று கேட்கலாம். விஷயத்தின் நெஞ்சு இங்கேதான் இருக்கிறது. சிறிய ஜெனரேட்டரால் 35 ஆம்பியரைக் கொடுக்கவே முடியாது. கேட்டவுடன் அதன் வோல்டேஜ் சரிகிறது. அந்த வீட்டில் எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் மல்டிமீட்டரையும் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரையும் வைத்துப் பார்த்தார். மோட்டார் போட்டதும் ஜெனரேட்டர் முனையில் 230 வோல்ட் 175க்கு வந்தது. மோட்டார் பேனலில் அளந்தால் 150தான் இருந்தது. கரண்ட் 23 ஆம்பியர். மோட்டார் வேகம் எடுக்காமல் முனகிக்கொண்டே இருந்தது. பதினைந்து விநாடி போல ஆனதும் பிரேக்கர் விழுந்தது.

வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் சுழற்றும் விசை அதே விகிதத்தில் குறைவதில்லை. அது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230க்குப் பதில் 150 கிடைத்தால் அது 65 சதவீதம். ஆனால் சுழற்றும் விசை 65ஐ 65ஆல் பெருக்கிய கணக்கில், சுமார் 42 சதவீதமாகிவிடும். பாதிக்கும் கீழே. மணலில் இறங்கிய தள்ளுவண்டியை இரண்டு பேர் தள்ளினால் ஒரு மூச்சில் வெளியே வந்துவிடும், பிறகு ஒருவரே உருட்டிக்கொண்டு போகலாம். ஒருவர் மட்டும் தள்ளினால் வண்டி மணலிலேயே நிற்கும், தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும். மோட்டாரும் அப்படித்தான் மாட்டிக்கொள்கிறது. வேகம் எடுக்காதவரை எதிர் மின்னழுத்தம் வராது, அது வராதவரை கரண்ட் குறையாது, கரண்ட் குறையாதவரை ஜெனரேட்டரின் வோல்டேஜ் ஏறாது. ஒரு நொடியில் முடிய வேண்டிய புறப்பாடு பதினைந்து விநாடியாக இழுத்துவிடுகிறது. பிரேக்கர் விழுவது இந்த நீண்ட நேரத்துக்காகத்தான்.

ஆகவே பிரேக்கர் விழுகிறது என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது, எத்தனை விநாடியில் விழுகிறது என்பதைத்தான். சாதாரண எம்.சி.பி.க்குள் இரண்டு காவலர்கள் இருக்கிறார்கள். ஒருவர் காந்தக் காவலர். கரண்ட் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் கண் இமைக்கும் நேரத்தில் தட்டிவிடுவார். எத்தனை மடங்கில் தட்டுவார் என்பது வகையைப் பொறுத்தது. பி வகை என்றால் மூன்று முதல் ஐந்து மடங்கு, சி வகை என்றால் ஐந்து முதல் பத்து மடங்கு. மற்றவர் வெப்பக் காவலர். இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை அது, அதிகக் கரண்டில் மெல்லச் சூடேறி வளைந்து பிரேக்கரை விடுவிக்கும். கரண்ட் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம். சில சிறிய ஜெனரேட்டர்களில் எம்.சி.பி. இருக்காது, அழுத்தி ரீசெட் செய்யும் ஒரு சிறு பொத்தான் மட்டும் இருக்கும். அதில் இருப்பது இந்த வெப்பக் காவலர் மட்டுமே.

சுவிட்ச் போட்ட அதே கணத்தில், மோட்டார் முனகுவதற்கு முன்பே டப்பென்று விழுந்தால் அது காந்தக் காவலரின் வேலை. பாய்ச்சல் மிகப் பெரிது என்று அர்த்தம், அல்லது ஒயரிலோ மோட்டாரிலோ ஷார்ட் இருக்கலாம். அதே மோட்டார் மின்வாரியக் கரண்டில் சரியாக ஓடுகிறது என்றால் ஷார்ட் சந்தேகத்தைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். சில விநாடிகள் முனகிய பிறகு விழுந்தால், மோட்டார் புறப்பட முடியாமல் தவிக்கிறது. மேலே சொன்ன வீட்டின் நிலை அது. மோட்டார் நன்றாகப் புறப்பட்டு, தண்ணீரும் வந்து, பத்து இருபது நிமிடம் கழித்து விழுந்தால் அது புறப்பாட்டுப் பிரச்சினையே அல்ல. ஓடும்போதே கூடுதல் சுமை இருக்கிறது. கூட வேறு என்னென்ன செருகியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒரு ஃபிரிட்ஜ் அகப்படும்.

இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த டப் சத்தம் கேட்காது. அதில் மின்னணுச் சுற்றே கணக்குப் பார்த்துக் கரண்டை நிறுத்திவிட்டு ஓவர்லோடு விளக்கைக் காட்டும், என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். எக்கோ என்று ஒரு சுவிட்ச் அதில் இருக்கும், பெட்ரோலை மிச்சப்படுத்த என்ஜினை மெதுவாக ஓட வைப்பது. மோட்டார் போடும் முன் அதை அணைத்துவிட வேண்டும். மெதுவாக ஓடும் என்ஜின் திடீர்ச் சுமைக்கு முடுக்கம் எடுப்பதற்குள் காரியம் கெட்டுவிடும்.

இனி அந்த வீட்டில் என்ன செய்தோம் என்று பார்ப்போம். ஜெனரேட்டர் முனையில் 175, மோட்டார் பேனலில் 150 என்றால், நடுவில் 25 வோல்ட் எங்கே போனது? ஒயரில். ஜெனரேட்டரை வாசலுக்கு வெளியே வைத்து, 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டிருந்தார்கள். (வெளியே வைத்தது மிகச் சரி. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. மூடிய இடத்தில் உயிரை எடுத்துவிடும்.) ஆனால் ஒயர் 1 சதுர மில்லிமீட்டர் தடிமன்தான். போக 30 மீட்டர், வர 30 மீட்டர், மொத்தம் 60 மீட்டர் மெல்லிய செம்பு. அதன் மின்தடை சுமார் 1.1 ஓம். 23 ஆம்பியர் போகும்போது 25 வோல்ட் அதிலேயே கரைந்துவிடும். விளக்குக்கும் ஃபேனுக்கும் இந்த ஒயர் போதும், மோட்டாரின் புறப்பாட்டுக்குப் போதாது. 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் அதே தூரத்துக்கு மின்தடை கால் பங்காகிவிடும், இழப்பும் ஆறேழு வோல்ட்டுக்கு வந்துவிடும்.

அடுத்து பேனலைத் திறந்தார் எலக்ட்ரீஷியன் தம்பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார் தானாகச் சுழலத் தொடங்காது, அதற்குக் கண்டன்சர் வேண்டும். போர் மோட்டார் பேனல்களில் பெரும்பாலும் இரண்டு இருக்கும். ஒன்று ஓடும்போது முழுக்க இணைப்பில் இருப்பது. மற்றொன்று பச்சைப் பொத்தானை அழுத்தியிருக்கும் நேரத்தில் மட்டும் கூடச் சேர்ந்து தள்ளிக்கொடுப்பது. ஓடும் கண்டன்சரின் மேல் 36 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டரில் 27தான் காட்டியது. வருடக்கணக்கில் வெயிலிலும் சூட்டிலும் இருந்து தேய்ந்துபோயிருக்கிறது. மின்வாரியக் கரண்டில் டிரான்ஸ்ஃபார்மரின் பலத்தில் மோட்டார் எப்படியோ எழுந்துகொண்டிருந்ததால் இந்தத் தேய்வு யாருக்கும் தெரியவில்லை. பலம் குறைந்த ஜெனரேட்டரில்தான் வெளியே வந்தது. உங்கள் மோட்டார் வழக்கத்தைவிடச் சற்று நேரம் முனகிய பிறகுதான் ஓடத் தொடங்குகிறது என்றால், கரண்ட் இருக்கும் காலத்திலேயே கண்டன்சரைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய செலவில்லை. ஆனால் நீங்களே கை வைக்க வேண்டாம். இணைப்பைத் துண்டித்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும்.

இதோடு சேர்ந்த ஒரு பழக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் எழவில்லை என்றதும் பச்சைப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே நிற்பார்கள். அந்தப் புறப்பாட்டுக் கண்டன்சர் சில விநாடிகளுக்கு மட்டுமே செய்யப்பட்டது. பத்து, பதினைந்து விநாடி அழுத்தினால் சூடேறி உப்பிவிடும், சில சமயம் வெடித்தும் விடும். மூன்று விநாடியில் எழாத மோட்டார் முப்பது விநாடியிலும் எழாது. கையை எடுத்துவிட்டு ஐந்து நிமிடமாவது பொறுங்கள். மோட்டார் காயிலும் ஆற வேண்டும், பிரேக்கரின் வெப்பப் பட்டையும் ஆற வேண்டும். ஆறாமல் மறுபடி போட்டால் பிரேக்கர் முன்பைவிடச் சீக்கிரம் விழும். அதைப் பார்த்துவிட்டு "இப்ப இன்னும் மோசமாயிடுச்சு" என்பார்கள்.

தடித்த ஒயரும் புதுக் கண்டன்சரும் போட்டாயிற்று. ஜெனரேட்டரை நான்கைந்து நிமிடம் சும்மா ஓடவிட்டு, சோக்கை முழுதாகத் திறந்து, வேறு எதையும் செருகாமல் மோட்டாரைப் போட்டோம். பேனலில் வோல்டேஜ் 170 வரை இறங்கியது. 170 என்றால் சுழற்றும் விசை சுமார் 55 சதவீதம். 42க்கும் 55க்கும் இடையில்தான் இந்த மோட்டாரின் தலையெழுத்து இருந்திருக்கிறது. இரண்டு விநாடி கனத்த முனகல், பிறகு எழுந்துகொண்டது, கரண்ட் 7 ஆம்பியருக்கு வந்தது, வோல்டேஜும் 225க்கு மேல் ஏறியது. டேங்க் நிறைந்தது. ஓடும்போது கூடவே இரண்டு விளக்கையும் ஒரு ஃபேனையும் போட்டும் பிரச்சினை இல்லை. ஆனால் மோட்டாரை நிறுத்திவிட்டு, விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் ஓடும்போது மறுபடி மோட்டாரைப் போட்டுப் பார்த்தால் பிரேக்கர் விழுந்தது. எனவே வரிசை முக்கியம். முதலில் மோட்டார், அது எழுந்து சீரான பிறகு மற்றவை. ஃபிரிட்ஜுக்குள்ளும் ஒரு கம்ப்ரஸர் மோட்டார் இருக்கிறது, அதற்கும் புறப்பாட்டுப் பாய்ச்சல் உண்டு என்பதை மறக்க வேண்டாம். நிறுத்தும்போது மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் ஜெனரேட்டரை அணைக்க வேண்டும். மோட்டார் இணைப்பில் இருக்கும்போதே பெட்ரோல் தீர்ந்து என்ஜின் தள்ளாடி நிற்பது, போர் மோட்டாருக்கு நல்லதல்ல.

இது எட்டிப்பிடித்த வெற்றி என்றுதான் சொல்வேன். வெயில் ஏறி என்ஜின் சற்றுச் சோர்ந்தாலோ, ஏர் ஃபில்ட்டரில் தூசி அடைந்தாலோ அதே மோட்டார் நாளை எழாமல் போகலாம். பம்பு தயாரிப்பாளர்களின் கையேடுகளில் சாதாரண ஜெனரேட்டருக்குச் சொல்லும் அளவு, அரை ஹெச்.பி. மோட்டாருக்குச் சுமார் 2 கிலோவாட், ஒரு ஹெச்.பி.க்குச் சுமார் 4 கிலோவாட். 4 கிலோவாட் என்பது 5 கே.வி.ஏ. ஆக, நம் 2.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் அரை ஹெச்.பி.க்குச் சரியான ஜோடி. ஒரு ஹெச்.பி.க்கு அது இழுத்துப்பிடித்துச் செய்யும் வேலை.

வாங்கப் போகிறவர்கள் கடையில் மேக்ஸிமம் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அது சிறிது நேரத்துக்கு மட்டும் தரக்கூடிய அளவு. தொடர்ந்து தரக்கூடியது ரேட்டட் என்று சிறிய எழுத்தில் இருக்கும். அந்த மேக்ஸிமத்தையும் மோட்டாரின் புறப்பாட்டுக்கென்று வைத்த சேமிப்பாக எண்ண முடியாது. 2.5க்கும் 2.8க்கும் உள்ள வித்தியாசம் ஒரு ஆம்பியர் சொச்சம்தான், மோட்டார் கேட்பதோ 35. விற்பனையாளரிடம் "ஒரு ஹெச்.பி. எடுக்குமா" என்று கேட்டால் "எடுக்கும்" என்பார். ஓடும்போது எடுக்கும் என்பதால் அது பொய்யும் அல்ல. "ஒரு ஹெச்.பி. போர் மோட்டாரை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவீர்களா" என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது ஒன்று இருக்கிறது. பிரேக்கர் விழுவதைப் பிரேக்கரின் குற்றமாக எடுத்துக்கொண்டு, 10 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 20 அல்லது 25 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டிவிடுகிறார்கள். சிலர் இரண்டு முனைகளையும் ஒயரால் நேரே முறுக்கிவிடுகிறார்கள். பிரேக்கரை மாற்றினால் ஜெனரேட்டரின் பலம் கூடுவதில்லை. அதே 150 வோல்ட், அதே 42 சதவீத விசை, மோட்டார் அதே மாதிரி முனகிக்கொண்டுதான் நிற்கும். ஒரே வித்தியாசம், முன்பு பதினைந்து விநாடியில் நின்றது இப்போது நிற்காது. 11 ஆம்பியருக்குச் சுற்றிய ஆல்டர்னேட்டர் காயிலில் 23 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்டு இரண்டு மடங்கானால் காயிலின் சூடு நான்கு மடங்கு. வார்னிஷ் கருகும் வாசனை வரும்போது காரியம் முடிந்திருக்கும். போருக்குள் இருக்கும் மோட்டாரிலும் இதே கதைதான், அதன் வாசனைகூட மேலே வராது. ஆல்டர்னேட்டர் ரீவைண்டிங் ஒரு பக்கம், போரிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலி ஒரு பக்கம். நமது ஜெனரேட்டரை இரவல் எடுப்பவர்கள் தயவுசெய்து அதன் பிரேக்கரில் கை வைக்க வேண்டாம்.

வீட்டு ஒயரிங் வழியாகவே மோட்டாருக்குக் கொடுக்க விரும்பினால் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் கட்டாயம். இரண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரைச் சுவர் சாக்கெட்டில் செருகிக் கொடுத்தால், ஜெனரேட்டர் கரண்ட் மீட்டர் வழியே தெரு லைனுக்குப் போய், கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரைக் கொல்லும். அதைத் தவிர, தெரு லைனின் சுமையெல்லாம் உங்கள் 2.5 கே.வி.ஏ.யின் தலையில் விழும். அப்போது மோட்டார் போடாமலேயே பிரேக்கர் விழும்.

1 ஹெச்.பி.க்கு மேல், ஒன்றரை, இரண்டு என்று வைத்திருக்கும் வீடுகளுக்குக் கையில் தூக்கும் ஜெனரேட்டர் சரிவராது. புதிதாக போர் போடுபவர்கள், த்ரீ ஃபேஸ் மோட்டாரை வி.எஃப்.டி. என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி வழியாக ஓட்டும் முறையைப் பற்றி பம்பு கடையில் விசாரிக்கலாம். அது சிங்கிள் ஃபேஸ் கரண்டை வாங்கி, அதிர்வெண்ணைச் சுழியத்திலிருந்து மெல்ல ஏற்றி மோட்டாரைப் புறப்படவைக்கும். ஐந்து மடங்குப் பாய்ச்சலே இருக்காது, ஓடும் கரண்டை ஒட்டியே புறப்பாடும் முடிந்துவிடும். விலை அதிகம்தான், ஆனால் பெரிய ஜெனரேட்டரின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே கண்டன்சர் வைத்து ஓடும் சிங்கிள் ஃபேஸ் மோட்டாருக்குச் சாதாரண வி.எஃப்.டி.யை அப்படியே மாட்ட முடியாது.

இனி ஜெனரேட்டர் இரவல் கேட்டு வருபவர்கள், மோட்டார் பேனலில் அல்லது வாங்கிய பில்லில் உள்ள ஹெச்.பி.யையும் ஆம்பியரையும் குறித்துக்கொண்டு வாருங்கள், அல்லது மொபைலில் படம் எடுத்து வாருங்கள். அரை ஹெச்.பி.யாக இருந்தால் சிறிய ஜெனரேட்டரை அப்போதே எடுத்துப் போகலாம். ஒரு ஹெச்.பி. என்றால் அதனுடன் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர்ச் சுருளையும் சேர்த்துத் தருவோம், அதை வீட்டில் விட்டுவிட்டு பழைய ஒயரில் போட்டுப் பார்க்க வேண்டாம். அதற்கு மேற்பட்ட மோட்டார்களுக்கு 5 கே.வி.ஏ.க்கு மேல் உள்ள வாடகை ஜெனரேட்டரை ஜமாஅத் மூலம் நாள் குறித்து, தெருவில் இரண்டு மூன்று வீடுகளாகச் சேர்ந்து வரிசையாக டேங்க் நிரப்பிக்கொள்ளும் ஏற்பாட்டை இன்ஷா அல்லாஹ் செய்ய இருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்புபவர்கள் அஸருக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம்.